உஷார் தம்பி! ஏலமே இல்லாத சீட்டில் பணம் கட்டாதே

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் அந்தத் தீபாவளிச் சீட்டைப் பற்றி நீ சொன்னதிலிருந்து தூக்கம் இல்லை. மாதம் 1,000 ரூபாய், 12 மாதம் கட்டினால் தீபாவளிக்கு 18,000 ரூபாய்க்குத் தங்கக்காசும் மளிகையும் தருகிறார்களாம். பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் உனக்கு ஓர் அட்டை இலவசமாம். வேண்டாம். கட்டவும் வேண்டாம், ஆள் சேர்க்கவும் வேண்டாம்!

அப்பாவும் சீட்டு கட்டினவன்தான். 20 பேர், ஆளுக்கு 5,000, சீட்டு ஒரு லட்சம். முதல் மாதமே பணமுடை உள்ள ஒருவர் 25,000 தள்ளி, 75,000 எடுப்பார். தள்ளியதில் 5,000 சீட்டு நடத்துபவரின் கமிஷன். மீதி 20,000-ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,000 கழிவு. அந்த மாதம் 4,000 கட்டினால் போதும். உன் லாபம் இன்னொருவர் தள்ளிய பணம், அவ்வளவுதான். அடுத்த மாதம் எவ்வளவு தள்ளுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? உன்னைச் சேரச் சொல்லும் ஆள் முதல் நாளே லாபத்தை எண்ணிச் சொல்கிறானா? அது சீட்டே இல்லை!

உன் ஆள் சொல்லும் கணக்கைப் போடு. 100 பேரிடம் வசூல் 12 லட்சம். கொடுக்க வேண்டியது 18 லட்சம். அந்த 6 லட்சம்? அடுத்த வருஷம் சேரும் 50 பேரின் மொத்தப் பணத்தையும் வழித்தால்தான் உங்கள் கணக்கு நேராகும். அந்த 50 பேருக்கு 75 பேர் வேண்டும். முதல் வருஷம் ஒழுங்காகக் கொடுப்பார்கள், அதுதான் தூண்டில்.

நம் தெருவில் ஒரு அம்மா அப்படித்தான் மாட்டினார். முதல் தீபாவளிக்கு வெள்ளிக் குத்துவிளக்கு வந்தது. தெருவே பார்த்தது. மறுவருஷம் 38 பேரைச் சேர்த்தார், பாதிப்பேர் சொந்தக்காரர்கள். தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் சீட்டு நடத்தியவனின் கடை ஷட்டர் இறங்கியது. நடத்தியவனை யாருக்கும் தெரியாது. இவர் வீடு எல்லோருக்கும் தெரியும்! தாலிச்செயினை விற்றும் கடன் தீரவில்லை. சொந்த அக்கா இன்னும் பேசுவதில்லை.

உன் ஆளிடம் இதைக் கேள். ஏலம் எந்தத் தேதி, எங்கே? சீட்டுப் பதிவாளரிடம் பதிந்த எண் என்ன? 1982 சட்டப்படி பதிவில்லாமல் சீட்டு நடத்தக் கூடாது. சீட்டுத் தொகைக்கு ஈடும் கட்டியிருக்க வேண்டும். 'ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கு சார்' என்பான். அது பெட்டிக்கடைக்கும் கிடைக்கும். ரப்பர் ஸ்டாம்ப் குத்திய அட்டை மட்டும்தானா? எழுந்து வந்துவிடு!

ஏற்கெனவே கட்டிவிட்டாயா? அட்டையைப் போட்டோ எடுத்து வை. 'புது அட்டை தருகிறோம்' என்று கேட்டாலும் பழையதைக் கொடுக்காதே. ஏமாற்றினால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க அதுதான் உன் கையில் இருக்கும்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. காலையில் ஷிஃப்டுக்குப் போகுமுன் போன் பண்ணு. எத்தனை பேரைச் சேர்த்தாய் என்று உண்மையைச் சொல்லு, திட்டமாட்டேன்.

அப்பா