காட்சி 9: ஒரு கடிதம், எட்டுப் பிரதிகள்

‘கல்யாண மண்டபத்தில் கூட்டம் அலைமோதுகிறது.’ திரைக்கதையில் இதை எழுத அரை நிமிடம்கூட ஆகாது. படம் எடுக்கப் போகும்போதோ மண்டப வாடகை, ஐம்பது பேர், அந்த ஐம்பது பேருக்கும் பட்டுப்புடவையும் வேட்டியும், மணவறை, மாலை, பந்திச் சாப்பாடு என்று அந்த ஒரு வரி வளர்ந்துகொண்டே போகும். கையில் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ வைத்துக்கொண்டு குறும்படம் எடுக்க வருகிறவருக்கு இந்த வரி எவ்வளவு கேட்கும் என்பது படப்பிடிப்புக்கு முன்பே தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் திரைக்கதையைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பட்டியல் போடுகிறார்கள். சினிமாக்காரர்கள் இதை ஸ்கிரிப்ட் பிரேக்டவுன் என்பார்கள். பெரிய படங்களில் உதவி இயக்குநர்களும் கலைத்துறையும் சேர்ந்து செய்யும் வேலை. சின்னப் படத்தில் பெரும்பாலும் எழுதியவரே உட்கார்ந்து செய்கிறார்.

முறை எளிது. ஒரு காட்சிக்கு ஒரு தாள், அல்லது கணினியில் ஒரு வரிசை. அதில் காட்சி எண், இடம், உள்ளேயா வெளியேயா, பகலா இரவா, யார் யார் வருகிறார்கள், என்ன உடுத்தியிருக்கிறார்கள், என்னென்ன பொருள் வேண்டும் என்று எழுத வேண்டும். காட்சியின் நீளத்தைப் பக்கத்தில் எட்டில் ஒரு பங்காகக் கணக்கிடுவது உலக வழக்கம். அரைப் பக்கக் காட்சி என்றால் எட்டில் நான்கு. ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பதால், ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்க முடியும் என்று பிறகு கூட்டிப் பார்க்க இது உதவும்.

முறை எளிது என்றாலும், எழுதியிருப்பதை மட்டும் எழுதி வைத்தால் பட்டியல் பாதிதான் முடிந்திருக்கும். ஒரு காட்சியை மாதிரிக்கு எடுத்துப் பார்க்கலாம்.

காட்சி 9. வாடகை வீடு, உள்ளே, இரவு. கரண்ட் இல்லை. செல்வி மெழுகுவத்தி வெளிச்சத்தில் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். மழையில் தொப்பலாக நனைந்த முருகன் கதவைத் திறந்துகொண்டு வருகிறான். சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டுகிறான். அவள் படிக்கிறாள். நான்காகக் கிழித்துப் போடுகிறாள்.

மேலோட்டமாகப் பார்த்தால் தேவை குறைவுதான்: ஒரு வீடு, இரண்டு பேர், மெழுகுவத்தி, தட்டு, சோறு, கடிதம். பல குறும்படக் குழுக்களின் பட்டியல் இங்கேயே முடிந்துவிடுகிறது. படப்பிடிப்பு அன்று இரவு பத்து மணிக்குக் கடை தேடி ஓடுவதும் இதனால்தான்.

முதலில் கடிதம். அவள் அதைக் கிழிக்கிறாள். ஒரு டேக்கில் சரியாக வராவிட்டால் இன்னொன்று வேண்டும். அறை முழுவதும் தெரியும்படி ஒரு கோணம், செல்வியின் முகத்துக்கு ஒன்று, கைகளுக்கு நெருக்கமாக ஒன்று என்று மூன்று கோணங்கள் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு டேக் என்றாலும் ஆறு கடிதங்கள். ஒத்திகைக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. ஆக எட்டுப் பிரதிகள். எட்டையும் ஒரே ஆள், ஒரே பேனாவில், ஒரே மடிப்பில் எழுதியிருக்க வேண்டும். கடிதம் நனைந்த சட்டைப் பையிலிருந்து வருகிறது, அதனால் பேனாவும் கணக்கில் சேரும். பால்பாயின்ட் எழுத்து தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மைப்பேனா எழுத்து கரைந்து பரவும், அதுவும் பிரதிக்குப் பிரதி ஒவ்வொரு மாதிரி. எழுத்து கரைய வேண்டும் என்று கதை கேட்காவிட்டால் பால்பாயின்டில் எழுதி, ஓரங்களில் மட்டும் தண்ணீர் தெளித்துக்கொள்வது பாதுகாப்பு. இதே கடிதம் காட்சி 3-ல் தபாலில் வந்திருந்தால் அங்கே அது நனையாமல், உறையோடும் தபால்தலையோடும் இருக்க வேண்டும். அதுவும் இப்போதே பட்டியலில் ஏறிவிட வேண்டும்.

அடுத்தது மெழுகுவத்தி. அது எரிந்து குறைந்துகொண்டே வரும் பொருள். எட்டு மணிக்கு அகலக் கோணத்தில் முழு நீளமாக நின்ற மெழுகுவத்தி பத்தரை மணிக்கு நெருக்கக் கோணத்தில் விரல் உயரத்துக்கு வந்திருக்கும். எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டும்போது, செல்வி ஒரு வாக்கியம் பேசுவதற்குள் மெழுகுவத்தி உருகிக் குட்டையாகியிருக்கும். ஒரே அளவில் ஒரு பாக்கெட் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டு, சற்றே குறைந்ததும் மாற்றிவிட வேண்டும். சோறும் அப்படித்தான். ஒவ்வொரு டேக்குக்கும் தட்டு காலியாகி மறுபடி நிறைய வேண்டும் என்பதால், கதையில் ஒரு வேளைச் சாப்பாடு என்றால் படப்பிடிப்பில் ஒரு குண்டான்.

கரண்ட் இல்லை என்ற வரிக்குள்ளும் வேலை ஒளிந்திருக்கிறது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டு டியூப்லைட் தெரிந்தால் தெருவுக்கே கரண்ட் போகவில்லை என்று ஆகிவிடும். ஜன்னலை மூடக் கறுப்புத் துணி வேண்டும். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கினால் அதில் தேதி தெரியும். ஒன்று, கதையின் நாளுக்கு ஏற்பக் கிழிக்க வேண்டும். இல்லையென்றால் ஆணியிலிருந்து கழற்றி வைத்துவிட வேண்டும், செலவில்லாத வழி இதுதான்.

பிறகு முருகனின் சட்டை. நனைந்துவிட்டதால் அன்றைக்கு அது உலராது. இதே நாளில் நடக்கும் காட்சி 8-ல் அவன் அலுவலகத்தில் உலர்ந்த சட்டையோடு இருக்கிறான். அதைப் பிறகு எடுப்பதாக இருந்தால் அதே நிறத்தில், அதே அளவில் இன்னொரு சட்டை வேண்டும். கையில் ஒன்றுதான் உண்டு என்றால் காட்சி 8-ஐ முதலில் எடுத்தே ஆக வேண்டும். டேக்குகளுக்கு நடுவே சட்டை காயாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில், தரையில் விரிக்க பிளாஸ்டிக் தாள், நடிகருக்குக் காய்ச்சல் வராமலிருக்கத் துண்டும் சூடான டீயும்: இவற்றில் எதுவும் திரையில் வராது, ஆனால் எல்லாமே பட்டியலில் இருக்க வேண்டும்.

உடைப் பட்டியலைக் காட்சி எண்படி போடுவது வீண். கதைக்குள் எத்தனை நாள் கழிகிறது என்று முதலில் எண்ணி, ஒவ்வொரு காட்சிக்கும் கதை நாள் 1, கதை நாள் 2 என்று குறித்துக்கொள்வார்கள். பன்னிரண்டு காட்சிகள் இருந்தாலும் கதை மூன்றே நாளில் முடிந்தால் ஆளுக்கு மூன்று உடை போதும். காட்சி 9-க்கும் அதே இரவில் நடக்கும் காட்சி 10-க்கும் இடையில் ஒரு வாரம் கழித்துப் படப்பிடிப்பு நடந்தாலும் செல்வி அதே புடவையில், அதே கொசுவத்தோடு, அதே தாலிச் சரடோடு வர வேண்டும். பெண் பாத்திரத்துக்குத் தாலி, மெட்டி, வளையல், பொட்டு ஆகியவை தனிப் பத்தியாகவே எழுதப்பட வேண்டியவை. நடிகை தன் சொந்த வளையலோடு வந்து, அடுத்த வாரம் வேறு வளையலோடு வருவது அடிக்கடி நடக்கிற பிழை. ஒவ்வொரு காட்சி முடிந்ததும் தலை முதல் கால் வரை போனில் ஒரு படம் எடுத்து, காட்சி எண்ணோடு சேமித்துவிட்டால் இது தீரும்.

எல்லாக் காட்சிகளுக்கும் இப்படி எழுதி முடித்த பிறகு, இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும்: இது எங்கிருந்து வரும்? கையில் இருக்கிறது, இரவல், வாடகை, வாங்க வேண்டும், செய்ய வேண்டும். சின்னப் பட்ஜெட் படத்தின் உண்மையான கணக்கு இந்தப் பத்தியில்தான் தெரிகிறது. ‘வாடகை’யும் ‘வாங்க வேண்டும்’ என்பதும் அதிகமாக இருக்கும் காட்சிகளைத் திரும்பப் படித்து, கதைக்கு அங்கே உண்மையில் என்ன தேவை என்று கேட்க வேண்டும். முருகன் கதவைத் திறக்கும்போது வெளியே மழை தெரிய வேண்டுமா? தெரிய வேண்டும் என்றால் தண்ணீர் லாரியும் குழாயும் வேண்டாம், வாசலுக்கு மேலே இருந்து ஒருவர் பூவாளியால் ஊற்றினால் போதும். கேமராவை உள்பக்கமாகத் திருப்பிவிட்டால் அதுவும் வேண்டாம். மழைச் சத்தமும் நனைந்த ஆளுமே போதும்.

இடங்களிலும் இதே கேள்விதான். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் குழு நகர்ந்து, சாமான் இறக்கி, விளக்குப் போடுவதற்குள் சாதாரணமாக இரண்டு மணி நேரம் போய்விடும். அரைப் பக்கக் காட்சிக்காக ஓர் அலுவலகத்தைத் தேடுவதைவிட, அதே வீட்டு மாடியறையில் ஒரு மேசையும் கோப்புகளும் போட்டு எடுத்துவிடலாம். முதலாளி பேசுவதை வெறும் போன் குரலாக மாற்றினால் ஒரு நடிகரும் அவருடைய உடையும் சேர்ந்து குறையும்.

இப்படித் திருத்தியதால் கெடாமல், அதையே கதையாக்கிக்கொண்ட படம் ஒன்று உண்டு. கெவின் ஸ்மித் 1994-இல் வெளிவந்த ‘கிளெர்க்ஸ்’ படத்தை நியூ ஜெர்சியில் தான் வேலை பார்த்த கடையிலேயே எடுத்தார். செலவு 27,575 டாலர். பகலில் கடையில் வியாபாரம் நடக்கும், படமெடுக்க இரவுதான் கிடைக்கும். கதையோ பகலில் நடக்கிறது. ஜன்னலில் வெளிச்சம் இல்லாததற்குக் காரணம் வேண்டுமே! யாரோ பூட்டில் சூயிங்கம்மை ஒட்டிவிட்டதால் இரும்பு ஷட்டர் திறக்கவில்லை என்று எழுதினார். கடை திறந்துதான் இருக்கிறது என்று ஒரு துணியில் எழுதிக் கதாநாயகன் வெளியே தொங்கவிடுகிறான். விளக்குச் செலவைத் தவிர்த்த ஒரு விரிப்புத் துணி, படத்தின் நினைவில் நிற்கும் பொருள்களில் ஒன்றாகிவிட்டது.

ராபர்ட் ரோட்ரிகஸ் இன்னும் ஒரு படி முன்னே போய்ப் பட்டியலைத் தலைகீழாகப் போட்டார். ‘எல் மரியாச்சி’ படத்துக்கு அவரிடம் இருந்தது சுமார் 7,000 டாலர். நண்பர் கார்லோஸ் கல்லார்தோவைச் சுற்றி மெக்சிகோவில் இரவலாக என்ன கிடைக்கும் என்று முதலில் கணக்கெடுத்தார். பண்ணை வீடு, மதுக்கடை, பேருந்து, ஒரு பிட்புல் நாய், ஓர் ஆமை. பிறகுதான் இவை எல்லாம் வரும்படி திரைக்கதையை எழுதினார். ‘வாங்க வேண்டும்’ என்ற பத்தி எழுதும்போதே சுருங்கிவிட்டது.

இரவலுக்கும் ஓர் எல்லை உண்டு. இயற்கையிடம் வாங்கும் இரவல் சொன்ன நாளுக்குக் கிடைக்காது. சத்யஜித் ராய் 1952 அக்டோபரில் ‘பதேர் பாஞ்சாலி’யின் நாணல் பூக் காட்சியை எடுக்கத் தொடங்கினார். ஒரு நாள் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் மீதியை எடுக்கப் போனபோது மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பூத்த மரம், அறுவடை வயல், நிறைந்த குளம் போன்றவை திரைக்கதையில் இருந்தால் பட்டியலில் அவற்றுக்கு எதிரே மாதத்தையும் எழுதி, அந்தக் காட்சியை ஒரே நாளில் முடிக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகப் பட்டியலை இடவாரியாக அடுக்கி, ஒவ்வோர் இடத்திலும் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். காட்சி 9-இன் வீட்டில் உலர்ந்த காட்சிகளை எல்லாம் முதலில் முடித்துவிடலாம். ஒன்பதுக்குள்ளேயும் முருகன் வருவதற்கு முன் செல்வி தனியாகச் சோறு போடும் ஷாட்டுகள் முதலில், அவன் நனைந்து வருவது அதற்குப் பிறகு, கடிதம் கிழிப்பது கடைசியில். அந்த வரிசையில் போனால் எட்டுப் பிரதிகளில் ஒன்றிரண்டு மிஞ்சும். அவற்றைத் தூக்கி எறியாமல் உறையில் போட்டுக் காட்சி எண்ணோடு பத்திரப்படுத்துவது நல்லது. எடிட்டிங் மேசையில் அமர்ந்த பிறகு, கடிதத்தின் நெருக்க ஷாட் ஒன்று வேண்டும் என்று எடிட்டர் கேட்டால், அதே கையெழுத்தில் ஒரு பிரதி கையில் இருக்கும்.