தென்னை மரம் ஷெட்டைத் தொடுமா? எதிர்ப்பக்கத்தையும் அடுத்துள்ள பக்கத்தையும் சரிபார்ப்பது எப்படி

பத்தாவதுல 'உயரங்களும் தொலைவுகளும்'னு ஒரு பாடம் படிச்சிருப்பீங்க. அதுல நான் போட்ட ஒரு தப்புக் கணக்குதான் இன்னைக்கு எபிசோட்.

சித்தி வீட்டைப் பின்பக்கமா நீட்டிக் கட்டப் போறாங்க. அங்க ஒரு தென்னை நிக்குது, அதை எடுக்கணும். மரம் வெட்ட வந்த அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அடியோட சாய்ச்சிடலாமா தம்பி, இல்ல மேல ஏறி துண்டு துண்டா இறக்கணுமா?" சாய்ச்சா ஒரு மணி நேர வேலை. ஏறி இறக்கினா அரை நாள், கூலியும் கூட. ஆனா சாய்க்கக்கூடிய ஒரே திசையில, தூரிலிருந்து சரியா 14 மீட்டர்ல பக்கத்து வீட்டுக்காரரோட தகர ஷெட் இருக்கு. மரம் 14 மீட்டரைவிட உயரமா, குட்டையா? விஷயம் அவ்வளவுதான்.

"இஞ்சினியருக்குப் படிச்சவன்தானே, கணக்குப் போட்டுச் சொல்லுடா"ன்னு சித்தி சொல்லிட்டாங்க. நான் ஒரு பாகைமானியோட நடுப்புள்ளியில நூல் கட்டி, நூல் நுனியில ஒரு நட்டைத் தொங்கவிட்டேன். பாகைமானியோட நேர் விளிம்பு வழியா மரத்து உச்சியைப் பார்க்கணும், நூல் எந்த எண் மேல தொங்குதோ அதைக் குறிக்கணும். தூரிலிருந்து 12 மீட்டர் தள்ளி நின்னு பார்த்தேன். நூல் 40-ல நின்னுச்சு.

மனசுல ஒரு முக்கோணம் வரைஞ்சுக்கோங்க. என் கண் ஒரு மூலை. கண்ணிலிருந்து மரத்துக்குப் போற கிடைக்கோடு 12 மீட்டர். அங்கிருந்து உச்சி வரைக்கும் மரம் செங்குத்து. உச்சியிலிருந்து என் கண்ணுக்கு வர்ற சாய்ந்த கோடு கர்ணம். கர்ணம் நமக்குத் தெரியாது, தேவையும் இல்லை. தெரிஞ்சது 12 மீட்டர், வேணும்ங்கிறது உயரம். அப்போ எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால வகுக்கிற டேன்தான் சரியான விகிதம்.

12 × tan 40° = 10.1. அதோட தரையிலிருந்து என் கண் மட்டம் 1.5 மீட்டரைக் கூட்டினா 11.6 மீட்டர். ஷெட்டுக்கு முன்னாடி இரண்டு மீட்டருக்கு மேல இடம் மிச்சம். "சாய்ச்சிடலாம் அண்ணே"ன்னு சொல்ல வாயைத் திறந்துட்டேன்.

சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை சரிபார்க்கணும்னு தோணுச்சு. அதே கணக்கைத் திரும்பப் போட்டா அதே தப்புதான் திரும்ப வரும். அதனால வேற வழி தேடினேன். நூல் 45-ல நிக்கிற இடத்தைத் தேடி நடந்தேன். 45 பாகையில எதிர்ப்பக்கமும் அடுத்துள்ள பக்கமும் சமம். அந்த இடத்துல மரத்துக்கும் எனக்கும் உள்ள தூரம்தான் கண் மட்டத்துக்கு மேல மரத்தோட உயரம். டேனே தேவையில்லை, டேப் போதும்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. என் கணக்குப்படி உயரம் 10.1 மீட்டர்னா, நான் 12 மீட்டரிலிருந்து மரத்தை நோக்கிக் கிட்ட வரணும். ஆனா கிட்ட வரவர நூல் 45-ஐ விட்டு இன்னும் விலகிப் போகுது! பின்னாடி போனப்போதான் 45 வந்துச்சு. டேப் பிடிச்சா 14.4 மீட்டர். கண் மட்டத்தைக் கூட்டினா 15.9. ஷெட் மேல உச்சி விழும்.

தப்பு எங்க? நூல் எப்பவும் செங்குத்தாத் தொங்கும். பாகைமானியைத் தரைக்கு இணையாப் பிடிச்சா நூல் 0-ல நிக்காது, 90-ல நிக்கும். அப்படின்னா நூல் காட்டின 40 செங்குத்துக்கோட்டுக்கும் என் பார்வைக் கோட்டுக்கும் இடையில இருக்கிற கோணம். ஏற்றக்கோணம்ங்கிறது கிடைக்கோட்டிலிருந்து அளக்கிறது. அது 90-லிருந்து 40 போக, 50. சரியான கணக்கு 12 × tan 50° = 14.3, கண் மட்டத்தோட 15.8. டேப் சொன்னதோட கிட்டத்தட்ட ஒத்துப்போகுது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. 40 பாகையும் அதே முக்கோணத்துல இருக்கு, ஆனா மர உச்சியில இருக்கிற மூலையில. அந்த மூலைக்கு மரம் அடுத்துள்ள பக்கம், 12 மீட்டர் தரைதான் எதிர்ப்பக்கம். நான் உச்சியோட கோணத்தை எடுத்துட்டு, கண்ணோட கோணத்துக்கான பக்கங்களைப் போட்டுட்டேன். 50-ஐ சரியா எடுத்து, டேனால பெருக்கறதுக்குப் பதிலா வகுத்திருந்தாலும் அதே 10.1-தான் வந்திருக்கும். கோணத்தை மாத்தி எடுக்கிறதும் பக்கத்தை மாத்திப் போடுறதும் ஒரே தப்பு.

அதனால 'உயரம்னா எதிர்ப்பக்கம்'னு மனப்பாடம் பண்ணாதீங்க. எந்தக் கோணத்தை அளந்தீங்களோ, அந்த மூலையில விரல் வைங்க. விரலைத் தொடாத பக்கம் எதிர்ப்பக்கம். தொடுற இரண்டுல நீளமானது கர்ணம், மிச்சமிருக்கிறது அடுத்துள்ள பக்கம்.

மேலிருந்து கீழே பார்க்கிற இறக்கக்கோணத்திலும் இதே குழிதான். 15 மீட்டர் உயர மொட்டை மாடியிலிருந்து ஒரு பைக் 30 பாகை இறக்கத்துல தெரியுதுன்னு வைங்க. பலர் அந்த 30-ஐ சுவருக்கும் பார்வைக் கோட்டுக்கும் நடுவுல எழுதி, பைக் 8.7 மீட்டர் தள்ளி இருக்குன்னு சொல்லுவாங்க. கோணம் கிடைக்கோட்டுக்குக் கீழ இருக்கு, முக்கோணத்துக்கு வெளியே. பைக் இருக்கிற மூலையிலயும் அதே 30 வரும். தூரம் 15-ஐ tan 30°-ஆல வகுத்தா 26 மீட்டர். லேசாக் குனிஞ்சாலே தெரியுதுன்னா பைக் தூரமா இருக்கணும், இல்லையா? 45-க்குக் கீழ இருந்தா தூரம் அதிகம், 45-க்கு மேல இருந்தா உயரம் அதிகம். விடை இதுக்கு எதிரா வந்தா, உடனே நிறுத்திடுங்க.

45-ல இன்னொரு வசதியும் இருக்கு. 90-லிருந்து 45 போனா 45-தான். நூல் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுதுன்னு குழம்பினாலும் விடை மாறாது. என் தப்பு அங்க நுழைய முடியாததாலதான் அது நல்ல சோதனையாச்சு.

ஆனா இந்த முறைக்கும் எல்லை உண்டு. 12 மீட்டர் தூரத்துல ஒரு பாகை பிசகினா உயரம் அரை மீட்டர் மாறும். கையில பிடிச்ச நூல் ஒரு பாகை ஆடாம இருக்காது. தரை சரிவா இருக்கக் கூடாது. மரம் சாய்ஞ்சிருந்தா, தூரத்தைத் தூரிலிருந்து இல்லாம, உச்சிக்கு நேர் கீழே இருக்கிற புள்ளியிலிருந்து அளக்கணும். விடை 14.2-ன்னு வந்திருந்தா நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். 15.8-க்கும் 14-க்கும் இடைவெளி போதுமானதா இருந்துச்சு.

"ஏறியே இறக்குங்க அண்ணே"ன்னு சொன்னேன். அவர் உச்சியை ஒரு தடவை பார்த்தார். "நானும் அதான் தம்பி நெனச்சேன்"னு சொல்லிட்டுக் கயிறை எடுத்தார்.