வங்கி மதிப்பீடு குறைந்து வீட்டுக் கடன் தடைபட்டால்... மறுபரிசீலனை கேட்பது எப்படி?

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பழைய தாமான் வீடு வாங்கப் போகும் பலரைத் திகைக்க வைக்கும் கடிதம் ஒன்று உண்டு. விற்பவரிடம் விலை பேசி முடித்து, முன்பணமும் கொடுத்து, கடனுக்கு விண்ணப்பமும் செய்தாயிற்று. வங்கியோ வீட்டின் மதிப்பு பேசிய விலையைவிடக் குறைவு என்று சொல்லிக் கடன் தொகையையும் குறைத்து விடுகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறி, பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு முதல் வீடு வாங்க வரும் குடும்பத்துக்கு இது பெரிய இடி.

இந்த நிலையில் சிலர் வங்கி அதிகாரியிடம் கெஞ்சுகிறார்கள். சிலர் மதிப்பீட்டாளரிடம் கோபப்படுகிறார்கள். இரண்டும் பயன் தராது. மதிப்பை மாற்றக் கூடியது ஆதாரம் ஒன்றுதான்.

குறையும் தொகை எப்படிக் கூடுகிறது?

வங்கிகள் கடனைக் கணக்கிடுவது வாங்கும் விலை, மதிப்பீடு ஆகிய இரண்டில் எது குறைவோ அதன் மீதுதான். ஒருவரின் முதல் இரண்டு வீடுகளுக்கு வழக்கமாக 90 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். எடுத்துக்காட்டாக, பெஸ்தாரி ஜெயாவில் ஓர் ஒற்றை மாடித் தொடர்வீடு 280,000 வெள்ளிக்குப் பேசப்படுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மதிப்பீடும் அதே அளவில் வந்திருந்தால் கடன் 252,000 வெள்ளி; வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டியது 28,000 வெள்ளி. மதிப்பீடு 250,000 வெள்ளி என்று வந்துவிட்டால் கடன் 225,000 வெள்ளியாகிறது. இப்போது கையிலிருந்து 55,000 வெள்ளி வேண்டும். மதிப்பு 30,000 வெள்ளி குறைந்ததால், கைப்பணத் தேவை ஏறக்குறைய இரண்டு மடங்காகி விட்டது. வழக்கறிஞர் கட்டணமும் முத்திரை வரியும் இதற்கு மேல்.

மதிப்பு எப்படித் தீர்மானிக்கப்படுகிறது?

மதிப்பீட்டாளர் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், மதிப்பீட்டாளர் வாரியத்தில் பதிந்து தொழில் செய்பவர். கட்டணத்தைக் கொடுப்பவர் வாங்குபவராக இருந்தாலும், அறிக்கை வங்கிக்காகத் தயாரிக்கப்படுகிறது. கடன் திரும்பாமல் போனால் இந்த வீட்டைச் சந்தையில் என்ன விலைக்கு விற்கலாம் என்பதே வங்கியின் கவலை.

தொடர்வீடுகளுக்கு ஒப்பீட்டு முறை பயன்படுகிறது. அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற, இதே மாதிரியான சில வீடுகளை எடுத்து, விற்ற தேதி, நில அளவு, கட்டட அளவு, வீட்டின் நிலை, நிரந்தர உரிமையா குத்தகையா என்ற வேறுபாடுகளுக்கேற்ப விலையைக் கூட்டிக் குறைத்து ஒரு மதிப்புக்கு வருவார்கள். பெரிய நகரத்தில் ஒரே தாமானில் ஆண்டுக்குப் பல வீடுகள் கைமாறும். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா போன்ற சிறு ஊர்களில் ஒரு சாலையில் ஆண்டுக்கு ஒரு விற்பனைகூட இல்லாமல் போகலாம். அப்போது மதிப்பீட்டாளர் பழைய விற்பனையையோ வேறு தாமானின் விற்பனையையோ எடுக்க நேரிடும். பிழை நுழைவது பெரும்பாலும் இங்கேதான்.

ஏலத்தில் போன வீட்டின் விலை, தந்தை மகனுக்கு மாற்றிக் கொடுத்த வீட்டின் விலை, அதே தாமானின் மலிவு விலை வீட்டின் விலை ஆகியவை திறந்த சந்தை விலை ஆகா. அவை ஒப்பீட்டில் சேர்ந்திருந்தால் மதிப்பு இறங்கும்.

எதைக் கேட்டுப் பெற வேண்டும்?

முதலில் வங்கியின் கடன் அதிகாரியிடம் அறிக்கையின் நகலைக் கேட்க வேண்டும். சில வங்கிகள் தர மறுக்கும். மறுத்தாலும் நான்கு விவரங்களையாவது கேட்கலாம்: மதிப்பிட்ட தேதி, எழுதப்பட்ட நில அளவு, எழுதப்பட்ட கட்டட அளவு, ஒப்பிட்ட வீடுகள் எவை. வீட்டை நேரில் பார்த்துச் சொன்ன மதிப்பா, தொலைபேசியில் கேட்டுச் சொன்ன வாய்மொழி மதிப்பா என்பதையும் கேட்க வேண்டும். வாய்மொழி மதிப்பு என்றால், வீட்டைப் பார்த்து முழு அறிக்கை தரும்படி கேட்பதே முதல் படி.

அடுத்து, கிராண்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணையும் ஒப்பிட வேண்டும். கிராண்டில் நில அளவு சதுர மீட்டரில் இருக்கும். ஒரு சதுர மீட்டர் என்பது 10.764 சதுர அடி. இந்தப் பெருக்கலிலேயே தவறுகள் வருவதுண்டு.

மேலே சொன்ன வீட்டையே தொடர்ந்து பார்க்கலாம். அறிக்கையில் நில அளவு 1,650 சதுர அடி; அதாவது 22க்கு 75 அடி, வரிசையின் நடுவில் உள்ள வீடு. கிராண்டிலோ 185 சதுர மீட்டர் என்று இருக்கிறது. பெருக்கினால் ஏறத்தாழ 1,991 சதுர அடி. வீடு வரிசையின் கடைசியில், பக்க நிலத்துடன் இருப்பதை அறிக்கை கவனிக்கவில்லை. ஒப்பிட்ட மூன்று வீடுகளில் ஒன்று 18 மாதம் முன்பு விற்றது. ஒன்று ஏலத்தில் 235,000 வெள்ளிக்குப் போனது. மூன்றாவது வேறு தாமானில் குத்தகை நிலத்தில் உள்ளது. வாங்கப்படும் வீடோ நிரந்தர உரிமை.

நல்ல ஆதாரம் எது?

இணையத்திலும் மின்கம்பத்து விளம்பரத்திலும் உள்ள விலை, விற்பவர் கேட்கும் விலை மட்டுமே. அதை மதிப்பீட்டாளர் ஏற்க மாட்டார். பதிவான விற்பனை விலை வேண்டும். மதிப்பீட்டு, சொத்துச் சேவைத் துறையின் கீழ் இயங்கும் நாப்பிக் எனும் தேசியச் சொத்துத் தகவல் மையத்தின் இணையத் தளத்தில், தாமான், நில அளவு, விலை, காலம் ஆகியவற்றுடன் விற்பனைத் தகவல்கள் வெளியிடப்படுகின்றன. அந்த வட்டாரத்தில் விற்பனை செய்யும் பதிவு பெற்ற சொத்து முகவரும் உதவ முடியும்.

மூன்று விற்பனைகள் போதும். அதே தாமான், அதே வகை வீடு, முடிந்தவரை கடந்த 12 மாதங்களுக்குள் விற்றவையாக இருக்க வேண்டும். நமது எடுத்துக்காட்டில் வாங்குபவருக்குக் கிடைப்பவை இவை: ஆறு மாதம் முன்பு 265,000 வெள்ளிக்கு விற்ற நடு வீடு, 11 மாதம் முன்பு எந்த மாற்றமும் செய்யாமல் 258,000 வெள்ளிக்கு விற்ற நடு வீடு, ஒன்பது மாதம் முன்பு 285,000 வெள்ளிக்கு விற்ற கடைசி வீடு. கடைசி வீட்டில் ஊராட்சி மன்ற அனுமதியுடன் சமையலறை நீட்டிக்கப்பட்டுள்ளது. அந்த வேறுபாட்டையும் மறைக்காமல் எழுத வேண்டும். 258,000 வெள்ளி விற்பனையை விட்டுவிட்டு உயர்ந்த இரண்டை மட்டும் காட்டினால், மதிப்பீட்டாளர் அதைக் கண்டுபிடிப்பார். மற்ற இரண்டின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

கடிதத்தை மதிப்பீட்டாளருக்கு நேராக அனுப்பக் கூடாது. அவருடைய வாடிக்கையாளர் வங்கி. ஆகவே கடன் அதிகாரி வழியாக, மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மேலே வீட்டின் முகவரி, கிராண்ட் எண், மதிப்பிட்ட தேதி. அதன் கீழ் தவறான எண்ணும் சரியான எண்ணும், கிராண்ட் நகலுடன். பிறகு மூன்று விற்பனைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வீட்டில் அனுமதியுடன் செய்த நீட்டிப்பு இருந்தால் அங்கீகரித்த வரைபடத்தின் நகல். இறுதியில், இவற்றைப் பார்த்து மதிப்பை மறுபரிசீலனை செய்யும்படி ஒரு வேண்டுகோள். குறிப்பிட்ட தொகை வேண்டும் என்று எழுதக் கூடாது. அது அழுத்தம் கொடுப்பதாகிவிடும்.

முன்பணம் போய்விடும், பிள்ளைக்குத் திருமணம் நெருங்குகிறது, மாடிக்கும் ஓட்டுக்கும் 40,000 வெள்ளி செலவழித்தோம் என்பவை உண்மையான கவலைகள்தாம். ஆனால் அவை வீட்டின் மதிப்புக்கு ஆதாரம் ஆகா. 40,000 வெள்ளிச் செலவு மதிப்பில் 40,000 வெள்ளியைக் கூட்டுவதில்லை. அனுமதி இல்லாமல் கட்டிய பகுதியை மதிப்பீட்டாளர் கணக்கில் சேர்க்காமல் விடவும் கூடும்.

மறுபரிசீலனை தீர்க்காதவை

இந்த வட்டாரத்தில் இன்னொரு சிக்கல் அடிக்கடி தலைகாட்டும். தோட்டம் துண்டாடப்பட்டபோது சிலர் கூட்டாகச் சேர்ந்து ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வாங்கி, ஆளுக்கொரு வீடு கட்டினார்கள். கிராண்ட் ஒன்றுதான், அதில் பலர் பெயர், நிலப் பயன்பாடு விவசாயம். இப்படிப்பட்ட வீட்டுக்கு வங்கி கடன் தர மறுப்பது மதிப்பீட்டுப் பிழையால் அல்ல. பயன்பாட்டை மாற்ற, தேசிய நிலச் சட்டத்தின் 124ஆம் பிரிவின் கீழ் நில அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்; பங்கைத் தனிக் கிராண்டாகப் பிரிப்பது அதற்கு அடுத்த வேலை. தோட்ட லயத்து வீட்டுக்கும் இதே கதைதான். குடியிருப்பவர் பெயரில் கிராண்ட் இல்லாதவரை அடமானத்துக்கு மதிப்பே எழாது.

பதில் வந்த பிறகு

எடுத்துக்காட்டில் உள்ள வீட்டுக்கு மதிப்பீட்டாளர் நில அளவைத் திருத்தி, புதிய ஒப்பீடுகளையும் ஏற்று, மதிப்பை 270,000 வெள்ளியாக உயர்த்துகிறார் என்று கொள்ளலாம். கடன் 243,000 வெள்ளி. கைப்பணம் 37,000 வெள்ளி. 55,000 வெள்ளியிலிருந்து இறங்கியது நல்ல செய்தி. ஆனால் 280,000 வெள்ளி விலை முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பதிலைக் கொண்டே விற்பவரிடம் பேசலாம். அவர் 5,000 வெள்ளி இறங்கி 275,000 வெள்ளிக்குச் சம்மதித்தால் கைப்பணம் 32,000 வெள்ளியாகும். தகுதியுள்ளவர்கள் சேமநிதியின் செஜாத்ரா கணக்கிலிருந்து வீட்டுக்காக எடுக்கவும் விண்ணப்பிக்கலாம்.

மதிப்பீட்டாளர் தம் முடிவில் நின்றுவிட்டால், வேறு மதிப்பீட்டாளரைப் பயன்படுத்தும் இன்னொரு வங்கியை அணுகலாம். இரண்டு, மூன்று வங்கிகளும் ஒரே எண்ணைச் சொன்னால் விலைதான் அதிகம் என்று புரிந்துகொள்ள வேண்டும். வாரியத்தில் புகார் செய்வது தொழில் ஒழுங்கு மீறலுக்கு. மதிப்பு பிடிக்கவில்லை என்பதற்கு அல்ல. ஒப்பந்தத்தில் பொய்யாக விலையைக் கூட்டி எழுதிச் சமாளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் விலகிவிட வேண்டும். அது வங்கியை ஏமாற்றும் குற்றம்.

இவை அனைத்துக்கும் நாட்கள் தேவை. விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகு பெரும்பாலும் மூன்று மாதமும், கூடுதலாக ஒரு மாதமும்தான் முழுத் தொகையைச் செலுத்தக் கிடைக்கும். ஆகவே மதிப்பைக் கையெழுத்துக்கு முன்பே வங்கியிடம் கேட்டுவிடுவது நல்லது. கடன் தொகை குறைந்தால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற விதியை எழுத்தில் சேர்க்கும்படி முகவரிடமும் வழக்கறிஞரிடமும் சொல்ல வேண்டிய நேரமும் அதுவே. கையெழுத்துக்குப் பிறகு அந்த விதியைச் சேர்க்க விற்பவர் ஒப்புக்கொள்வது அரிது.