சுவரொட்டியில் ‘பொங்கல்’ உடையாமல் இருக்க…

பொங்கல் விழாவுக்குச் சுவரொட்டி தயாராகிறது. கரும்பும் பானையும் அழகாக வரையப்பட்டுள்ளன. ஆனால் தலைப்பில் கொம்பு ஓரிடத்திலும் புள்ளி வேறிடத்திலும் நிற்கின்றன. அச்சகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால், அப்படியே நூற்றுக்கணக்கில் அச்சாகி மண்டப வாசலுக்கு வந்துவிடும். இதைத் தவிர்க்கும் வழியை ‘பொங்கல்’ என்ற ஒரு சொல்லை வைத்தே பார்க்கலாம்.

நான்கு எழுத்து, ஆறு வடிவம்

‘பொங்கல்’ நான்கு எழுத்துச் சொல்: பொ, ங், க, ல். கண்ணுக்குத் தெரியும் வடிவங்களோ ஆறு. கொம்பு, ப, கால், ங, க, ல ஆகியவற்றுடன் இரண்டு புள்ளிகள் சேரும்போது, புள்ளியைத் தனியாக எண்ணினால் எட்டாகக்கூட ஆகும். இத்தனை துண்டுகளும் நான்கு எழுத்துகளாகச் சேர்ந்து நிற்க வேண்டும் என்பதுதான் தமிழ்த் தலைப்பின் சிக்கல்.

யூனிகோடு முறையில் கணினி முதலில் ‘ப’வையும் அடுத்து ‘ஒ’கரக் குறியையும் பதிந்து வைக்கிறது. கொம்பை முன்னே கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அந்த வசதி இயங்காவிட்டால் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளியும் எழுத்தின் தலையை விட்டு விலகும். போட்டோஷாப்பில் இப்படி நேர்ந்தால் Paragraph பலகையின் மெனுவில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டிசைனில் அது Adobe World-Ready Paragraph Composer. துண்டுகளைக் கையால் நகர்த்திச் சரிசெய்ய வேண்டியதில்லை.

கால் இருக்க வேண்டிய இடத்தில் ‘ர’வைத் தட்டும் பழக்கமும் சிலரிடம் உண்டு. சில எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. எழுத்துருவை மாற்றியதும் ‘பெரங்கல்’ என்று வெளிப்பட்டுவிடும்.

இடைவெளி

தலைப்பை அகலமாக்க Tracking அளவைக் கூட்டுவது வழக்கம். ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழில் சில மென்பொருள்கள் கொம்புக்கும் ‘ப’வுக்கும் நடுவிலும் அதே இடைவெளியை விட்டுவிடும். அப்போது படிப்பவர் கண்ணுக்குப் ‘பொ’ ஓர் எழுத்தாகத் தெரியாது. இடம் மிஞ்சினால் எழுத்தின் அளவைப் பெரிதாக்குவதே நல்லது. இடைவெளி கட்டாயம் வேண்டுமானால் பொ, ங், க, ல் என நான்கையும் தனித்தனியே தட்டி, நான்கு பொருள்களாக வைத்து நகர்த்தலாம்.

வளைந்த தலைப்பிலும் இதே கவனம் தேவை. கோட்டின் மேல் எழுத்தை ஓடவிட்டால் கொம்பும் காலும் வெவ்வேறு கோணத்தில் சாயக்கூடும். சொல் முழுவதையும் ஒன்றாக வளைக்கும் Warp Text வழியில் Arc பயன்படுத்தினால் துண்டுகள் பிரியா.

தடிமனும் அலங்காரமும்

எழுத்தைத் தடிமனாக்க அதே நிறத்தில் ஓரக்கோடு போடுவோர் பலர். புள்ளிக்கும் ‘ங’வுக்கும் இடையே 3 மில்லிமீட்டர் இடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கம் 1.5 மில்லிமீட்டர் கோடு போட்டால், எழுத்தும் புள்ளியும் இரு பக்கமிருந்தும் வளர்ந்து ஒட்டிக்கொள்ளும். ‘ங்’, ‘ங’ ஆகிவிடும். எழுத்துருவிலேயே தடித்த வடிவம் இருந்தால் அதையே எடுக்க வேண்டும். அதில் புள்ளிக்கான இடம் முன்பே கணக்கிடப்பட்டிருக்கும்.

அலங்காரம் சேர்க்கும்போது தொடக்கூடாத இடங்கள் உண்டு. ஒற்றைக் கொம்பில் இன்னொரு சுழி விழுந்தால் ‘போங்கல்’ ஆகிவிடும். விருந்தினரைப் ‘போங்கள்’ என்று சொல்வதுபோல் இருக்கும். ‘ண’வில் ஒரு சுழி மறைந்தால் ‘ன’ ஆகும். கரும்பு, இலை, தீச்சுடர் போன்றவற்றைக் கோடு முடியும் இடத்தில் சேர்க்கலாம். சுழியிலும் புள்ளியிலும் கை வைக்கக்கூடாது.

அச்சுக்கு அனுப்பும் முன்

படத்தை வாட்ஸ்அப்பில் தெரியும் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் புள்ளிகள் நிற்கின்றனவா என்பது தெரியும். பிறகு, வடிவமைப்பில் ஈடுபடாத ஒருவரிடம் காட்டி உரக்கப் படிக்கச் சொல்லலாம். அவர் தயங்கும் எழுத்தே திருத்த வேண்டிய எழுத்து.

கடைசியாக, எழுத்துகளை வடிவங்களாக மாற்றிவிட வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் Create Outlines, போட்டோஷாப்பில் Convert to Shape. அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தலைப்பு மாறாது. மாற்றிய பின் தட்டச்சு செய்து திருத்த முடியாது என்பதால், மாற்றாத பிரதி ஒன்றைத் தனியே சேமித்து வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு தேதியை மட்டும் மாற்ற அதுதான் உதவும்.