கசக்கிப் பார்த்தால் தெரியும்

பிறந்தநாள் கொண்டாடி முடித்த வீட்டில், மறுநாள் காலையில் கட்டிலின் மேல் பரிசுகள் இருக்கும்; கட்டிலுக்குக் கீழே கிழித்துப் போட்ட வண்ணத் தாள்கள் கிடக்கும். கூடத்து மூலையில் பழைய பேப்பர்காரருக்காகக் கட்டி வைத்த வார இதழ்கள் ஏற்கெனவே காத்திருக்கும். இரண்டு குவியலையும் ஒரே பாயில் கொட்டி, கத்தரிக்கோலும் பசையும் கொடுத்துவிட்டால், அரையாண்டு விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு நாள் போவதே தெரியாது. சங்கிலி, பூப்பந்து, குஞ்சம் என்று மூன்றையும் இந்தக் குவியலிலிருந்தே செய்துவிடலாம். ஆனால் கைக்கு வந்த தாளை எடுத்து நினைத்ததைச் செய்யத் தொடங்கினால் பாதியில் அழுகைதான் மிஞ்சும். இதழின் பளபளப்புத் தாளில் செய்த பந்து விரியாது. மினுமினுக்கும் பரிசுத் தாளில் செய்த வளையம் ஒட்டாது. குழந்தையின் கை சரியில்லை என்று நினைப்போம். உண்மையில் தாள்தான் இடம் மாறியிருக்கிறது.

ஆகவே முதல் வேலை தாளைப் பிரிப்பது. அதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். ஒவ்வொரு தாளையும் உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கி, கையைத் திறக்கச் சொல்ல வேண்டும். கசங்கியபடியே உருண்டையாகக் கிடந்தால் அது காகிதம். சரசரவென்று தானாக விரிந்துகொண்டால் அது பிளாஸ்டிக். கடையில் விற்கும் மினுமினுப்பான பரிசுத் தாள்களில் பல, வெள்ளி போன்ற மெல்லிய பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக்கே. அதில் மடிப்பு நிற்காது, வீட்டுப் பசையும் பிடிக்காது. இப்படிப் பிரித்தால் மூன்று குவியல் சேரும்: இதழ்த் தாளும் காகிதப் பரிசுத் தாளும் ஒன்று, சட்டைப் பெட்டியிலும் ஷூ பெட்டியிலும் பொருளைச் சுற்றி வரும் மெல்லிய டிஷ்யூ ஒன்று, பிளாஸ்டிக் மினுக்குத் தாள் ஒன்று. முதல் குவியல் சங்கிலிக்கு, இரண்டாவது பந்துக்கு, மூன்றாவது குஞ்சத்துக்கு.

சங்கிலியில் தொடங்குவதே நல்லது. நான்கு வயதுக் குழந்தைக்கும் அது கைகூடும்.

20 சென்டிமீட்டர் அகலமும் 27 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஓர் இதழை எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு தாளை இரண்டரை சென்டிமீட்டர் அகலப் பட்டைகளாகக் குறுக்கே வெட்டினால் 20 சென்டிமீட்டர் நீளத்தில் பத்துப் பட்டைகள் கிடைக்கும். ஒரு முனைமேல் மறுமுனையை ஒரு சென்டிமீட்டர் ஏற்றி ஒட்டினால் வளையத்தின் சுற்றளவு 19 சென்டிமீட்டர். குறுக்களவு ஏறக்குறைய ஆறு. அதாவது ஒவ்வொரு வளையமும் சங்கிலிக்கு ஆறு சென்டிமீட்டர் நீளம் சேர்க்கும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், எத்தனை தாள் வேண்டும் என்று வீட்டிலேயே சொல்லிவிடலாம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூடம் ஒன்றை அலங்கரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூலைக்கு மூலை குறுக்காகக் கட்டத்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நம் வீடுகளில் அது நடக்காது. நடுவில் மின்விசிறி இருக்கிறது. ஒரு வளையம் இறக்கையில் மாட்டினால் மொத்தச் சங்கிலியையும் அது சுருட்டிக்கொள்ளும். எனவே நான்கு சுவரோரமாகத்தான் போக வேண்டும். சுற்றளவு 44 அடி, மீட்டரில் 13.4. சங்கிலி நேராக இழுத்துக் கட்டியது போல இல்லாமல் அங்கங்கே தொங்கினால்தான் அழகு. அதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் பதினைந்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆறு சென்டிமீட்டரால் வகுத்தால் ஏறக்குறைய 250 வளையங்கள். பட்டைகள் தாளுக்குப் பத்து என்றால் 25 தாள்கள், அதாவது 50 பக்கங்கள். ஒரே ஓர் இதழ் போதும்! வளையத்துக்கு ஒரு நிமிடம் என்று பார்த்தால், மூன்று பிள்ளைகள் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். மூவரும் ஒரே சங்கிலியில் கை வைத்தால் சண்டை வரும். ஆளுக்கு ஒரு சங்கிலியாகச் செய்துவிட்டு, கடைசியில் இரண்டு வளையங்களைப் போட்டு மூன்றையும் இணைத்தால் வேலையும் வேகமாக நடக்கும், யார் சங்கிலி நீளம் என்ற போட்டியும் வரும்.

வெட்டும் திசையிலும் ஒரு செய்தி இருக்கிறது. தாளுக்கு ஓட்டம் உண்டு. காகித ஆலையில் கூழ் ஓடும் திசையிலேயே நார்கள் பெரும்பாலும் படுத்துவிடுகின்றன. ஓர் இதழ்த் தாளை மேலிருந்து கீழாகவும், இன்னொன்றைப் பக்கவாட்டிலும் கையால் கிழித்துப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். ஒரு பக்கம் கோடு போட்டது போல நேராகக் கிழியும். மறுபக்கம் வளைந்து வளைந்து ஓடும். நேராகக் கிழிவதுதான் நார் ஓடும் திசை. கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு, அந்தத் திசையில் ஒரு ஸ்கேலை அழுத்திக் கொடுத்தால் கையாலேயே பட்டை கிழித்துவிடும். ஓரம் சற்றுப் பிசிறாக இருந்தாலும் அதுவும் ஓர் அழகுதான்.

பசைக்குக் கடைக்கு ஓட வேண்டாம். கோயில் திருவிழாவுக்குச் சணல் கயிற்றில் முக்கோண வண்ணத் தாள்களை ஒட்டித் தெரு முழுக்கக் கட்டுவார்களே, அந்த மைதாப் பசையே இதற்கும் ஏற்றது. இரண்டு மேசைக்கரண்டி மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடி போல ஆகும். அதுதான் பதம். ஆறியதும் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது கூடவே கூடாது; மயில்துத்தம் நஞ்சு. மயில்துத்தம் சேர்க்காத பசை இரண்டு நாளில் புளித்துவிடும். புளித்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுவதே சரி.

இதழ்த் தாளின் பளபளப்பு, அதன்மேல் பூசிய வெண்களிமண், சுண்ணாம்பு போன்ற பொடிகளால் வருவது. அந்தப் பூச்சு பசையை உடனே உள்ளே இழுக்காது. பிள்ளைகளோ வளையம் பிரிந்ததும் இன்னும் நிறையப் பசை அப்புவார்கள். அதனால் வழுக்குமே தவிர ஒட்டாது. விரல் நுனியளவு பசையை மெல்லத் தடவி, இருபது எண்ணும்வரை பிடித்திருந்தால் நிற்கும். ஸ்டேப்ளர் வேகமானதுதான், ஆனால் உதிரும் பின் பாயில் கிடக்கும், தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்தது பூப்பந்து. மூன்றிலும் பிள்ளைகளை அசர வைப்பது இதுதான். ஏனென்றால் கடைசி நிமிடம் வரை அது பந்தாக வரும் என்று யாராலும் நம்ப முடியாது.

டிஷ்யூ தாள் கசங்கியிருந்தால் பெரியவர்கள் இஸ்திரிப் பெட்டியை மிகக் குறைந்த சூட்டில் வைத்து ஒருமுறை ஓட்டினால் போதும். 25 சென்டிமீட்டருக்கு 38 சென்டிமீட்டராக எட்டுத் தாள்கள் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பிறகு புடவைக்குக் கொசுவம் வைப்பது போல, மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போனால் 25 சென்டிமீட்டர் நீளக் கட்டு ஒன்று கிடைக்கும். அதன் சரிநடுவில் இரு ஓரத்திலும் சின்ன வெட்டு போட்டு, அந்தப் பள்ளத்தில் நூலை இறுக்கிக் கட்ட வேண்டும். வெட்டு இல்லாவிட்டால் நூல் நழுவி, பந்தின் ஒரு பக்கம் பெரிதாகிவிடும். இரு முனைகளையும் அரைவட்டமாக நறுக்கினால் இதழ்கள் செவ்வந்தி போல மென்மையாக வரும், கூராக நறுக்கினால் தாமரை போல.

38 என்ற அளவுக்குக் காரணம் உண்டு. கட்டின் ஒவ்வொரு பாதியும் விசிறியாக விரிந்து அரைவட்டமாக வேண்டும். நடுவிலிருந்து முனைவரை பன்னிரண்டரை சென்டிமீட்டர் என்றால் அந்த அரைவட்டத்தின் விளிம்பு 39 சென்டிமீட்டர் வரும். தாளின் அகலம் அதற்கு ஈடுகொடுத்தால்தான் இரண்டு விசிறிகளும் சந்தித்து முழுவட்டமாகும். சதுரத் தாளில் செய்த பந்து ‘போ’ கட்டியது போல இருபுறமும் இடைவெளியோடு நிற்பது இதனால்தான். பெரிது சிறிது எப்படிச் செய்தாலும் அகலம் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும்.

பிறகு விரித்தல். இங்கேதான் அவசரம் ஆகாது. மேலே இருக்கும் ஒரு தாளை மட்டும், நுனியைப் பிடிக்காமல் நூல் கட்டிய இடத்துக்கு அருகில் பிடித்து, மெல்ல மேலே நிமிர்த்த வேண்டும். இப்படி நான்கு தாள்கள் மேல்நோக்கி, மீதி நான்கு கீழ்நோக்கி. நுனியைப் பிடித்து இழுத்தால் கிழியும். இரண்டைச் சேர்த்து இழுத்தால் பந்தில் பொக்கை விழும். கை உலர்ந்திருக்க வேண்டும். வியர்வை பட்டால் சாயம் விரலில் ஒட்டும், வெள்ளைச் சட்டையிலும் ஏறும். எப்படிப் பார்த்தாலும் ஓரிரு இடத்தில் கிழியத்தான் செய்யும். அந்த இதழைப் பக்கத்து இதழுக்கு அடியில் செருகிவிட்டால் தெரியாது. இதே முறையில் இதழ்த் தாளை மடித்தால் பந்து வராது. அது தடிமனானது, நிமிர்த்தும்போது மடிப்பில் வெடிக்கும். ஒற்றைத் தாளை மடித்து, விரித்து, முனைகளை ஒட்டித் தட்டையான சக்கரமாக்கினால் சுவரில் ஒட்ட அழகாக இருக்கும்.

குஞ்சம் என்றால் நம் வீட்டுப் பெண் குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சடையின் நுனியில் பார்த்த உருவம்தான். பிளாஸ்டிக் மினுக்குத் தாளில் 40 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம் வெட்டி, நீளத்தைப் பாதியாக மடிக்க வேண்டும். திறந்த முனையிலிருந்து மடிப்பை நோக்கி ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்டிக்கொண்டே போய், மடிப்புக்கு நான்கு சென்டிமீட்டர் முன்பே நிறுத்த வேண்டும். பிள்ளைகள் இங்கே ஆர்வத்தில் முழுவதும் வெட்டிவிடுவார்கள். அந்த இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு ஒன்று போட்டுக் கொடுத்தால் போதும். விரித்தால் நடுவில் எட்டு சென்டிமீட்டர் வெட்டுப்படாத பட்டி இருக்கும். அதை அகலவாட்டில் சுருட்டி, கயிறு திரிப்பது போல முறுக்கி, இரண்டாக மடித்தால் மேலே ஒரு காது, கீழே நாற்பது இழைகள். காதுக்குக் கீழே நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் முறுக்கைத் தானே விட்டுவிடும் என்பதால் ஒருவர் முறுக்கிப் பிடிக்க, மற்றவர் கட்ட வேண்டும். அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்ய ஏற்ற வேலை. இதழ்த் தாளிலும் குஞ்சம் செய்யலாம். ஆனால் நடுப்பட்டியை முன்கூட்டியே நன்றாகக் கசக்கித் துணி போல மெத்தென்று ஆக்காவிட்டால், முறுக்கும்போதே அறுந்துவிடும்.

தொங்கவிடும்போது செல்லோடேப் கைகொடுக்கும். 250 வளையச் சங்கிலியும் நூறு கிராமைத் தாண்டுவது அரிது. ஆனால் அந்த டேப் எடுக்கும்போது சுவர்ச் சாயத்தையும் உரித்துவரும். திரைச்சீலைக் கம்பியிலும் ஏற்கெனவே அடித்திருக்கும் ஆணியிலும் நூலால் கட்டுவதே பாதுகாப்பு. கேக்கின் மெழுகுவர்த்தியிலிருந்தும் குத்துவிளக்கிலிருந்தும் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், குறிப்பாகப் பூப்பந்து. அவ்வளவு மெல்லிய தாளில் தீப்பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும். கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பந்தின் இதழ்கள் சில நாளில் தொய்ந்துவிடும். மைதாப் பசைக்குக் கரப்பான் வரும். ஆகவே ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் இறக்கிவிடலாம். சங்கிலி மறுபடியும் பழைய பேப்பர் கட்டோடு சேர்ந்துகொள்ளும். மினுக்குக் குஞ்சத்தை அந்தக் கட்டில் சேர்க்க முடியாது. அதைச் சைக்கிளின் கைப்பிடி இரண்டிலும் கட்டினால் மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது, பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் பறந்துகொண்டே வரும்.