காம்படி வேகும்வரை

அடைத்த கத்தரிக்காய் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் காலை வாரும். காம்புக்குக் கீழே இருக்கும் ஒரு விரற்கடை சதை அது. நுனி குழைந்திருக்கும், தோல் சுருங்கியிருக்கும், மசாலா வாசனை தெருவரை போயிருக்கும். தட்டில் வைத்துப் பிய்த்தால் மட்டும் காம்படி வெள்ளையாக, நறுக்கென்று நிற்கும். இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று அடுப்பைக் கூட்டினால் பொடி கறுகிவிடும். தண்ணீர் ஊற்றினால் காய் குழைந்து, அடைத்ததெல்லாம் வெளியே வந்து குழம்பாகிவிடும்.

கத்தரிக்காயின் சதை பஞ்சு மாதிரி. உள்ளே முழுக்கக் காற்றறைகள். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் வாணலியைத் தொடுகிற பக்கம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நடுச்சதை வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். காய் மெத்தென்று ஆவதற்குக் காரணம், அதன் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் இளகுவது. ஏறக்குறைய 85 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால்தான் அது நன்றாக இளகும். காம்படிச் சதை அந்தச் சூட்டை எட்டவேண்டும், எட்டியபின் சில நிமிடங்கள் அங்கேயே நிற்கவும் வேண்டும். வாணலியைத் தொடாத இடத்துக்கு அந்தச் சூட்டைக் கொண்டுபோவது ஆவிதான். அதற்குத்தான் மூடி.

ஒரு வேளைக்கான அளவை வைத்துப் பார்ப்போம். எட்டு சிறிய ஊதாக் கத்தரிக்காய், மொத்தம் 400 கிராம் அளவுக்கு. எல்லாம் ஒரே பருமனாக இருக்கட்டும். ஒன்று பிஞ்சும் ஒன்று முற்றலுமாகப் போட்டால் எந்தச் சாமர்த்தியமும் பலிக்காது. காம்பை வெட்டாமல், நுனியிலிருந்து மேல்நோக்கிக் கூட்டல் குறி போல இரண்டு கீறல். பலரும் பாதிக்காயோடு நிறுத்திவிடுகிறார்கள். கீறல் காம்புக்கு அரை அங்குலம் கீழே வரை போகவேண்டும். ஆவி உள்ளே நுழையும் வழி அதுதான், பூச்சி இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். கீறியதும் உப்புத் தண்ணீரில் போட்டுவைத்து, அடைக்கும் முன் நன்றாக வடியவிடுங்கள்.

பொடிக்கு இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, ஒன்று கடலைப்பருப்பு, மூன்று நிலக்கடலை, ஐந்து காய்ந்த மிளகாய். வறுத்து, உப்புச் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறிக்கொள்ளலாம். புளியை இதில் சேர்க்கும் வழக்கம் உண்டு. நான் சேர்ப்பதில்லை. புளிப்பு இருக்கும் இடத்தில் பெக்டின் இளகத் தாமதமாகும். புளி விட்டபின் காய் வேகாது என்று வீடுகளில் சொல்வது இதைத்தான். சிறிய கோலியளவு புளியைக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்துத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். பொடியிலும் கால் பங்கை எடுத்துவையுங்கள். நிலக்கடலை சீக்கிரம் கறுகும், கடைசியில் தூவத் தேவைப்படும்.

அடிகனமான, அகலமான வாணலி வேண்டும், காய்கள் ஒரே அடுக்காக உட்காரும்படி. நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, கறிவேப்பிலை, பிறகு காய்கள். நடுத்தரத் தீயில் நான்கு நிமிடம், திறந்தபடியே, எல்லாப் பக்கமும் எண்ணெய் படும்படி புரட்டவேண்டும். தோலின் ஊதா நிறம் தண்ணீரில் கரையக்கூடியது. முதலில் சூடான எண்ணெயில் புரண்ட தோல் அந்த நிறத்தை ஓரளவு காப்பாற்றும். நேராகத் தண்ணீரில் வேகவைத்த காய் பழுப்பாகிவிடும்.

அடுத்து மூடவேண்டும். இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரைக் காயின் மேல் ஊற்றாமல் வாணலியின் ஓரமாகத் தெளித்து, தீயை நன்றாகக் குறைத்து, இறுக்கமான மூடி போடுங்கள். பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிடம். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து காம்பைப் பிடித்துத் திருப்பவேண்டும். கரண்டியால் கிளறினால் பிளந்துவிடும். மூடியின் உட்புறத்தில் திரண்டிருக்கும் நீரை வெளியே சிந்தாமல் வாணலிக்குள்ளேயே வழியவிடுங்கள். தண்ணீர் சுண்டிச் சடசடவென்று சத்தம் வந்தால் மறுபடி ஒரு கரண்டி தெளிக்கலாம்.

வெந்ததா என்று நுனியை அமுக்கிப் பார்த்துப் பயனில்லை, அது எப்போதோ வெந்திருக்கும். மெல்லிய கத்தியைக் காம்படியில், தோலின் மேலிருந்து குத்துங்கள். தடையில்லாமல் இறங்கி, எடுக்கும்போது காயையும் தூக்காமல் வந்தால் சரி. சதை வெள்ளை மாறிக் கண்ணாடி போலத் தெரிவதும் ஓர் அடையாளம்.

அதன்பின்தான் புளிக்கரைசலும் மிச்சப் பொடியும். மூடியை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் வைத்தால் நீர் வற்றி, பொடி காயோடு ஒட்டி, ஓரத்தில் எண்ணெய் பிரியும். இந்த ஐந்து நிமிடத்தை மூடிவைத்தே கழித்தால் மசாலா பச்சைப் புளி வாடையோடு தளர்வாகவே நின்றுவிடும்.

குடைமிளகாயிடம் சிக்கல் வேறு. சுவர் மெல்லியது, நடுவில் வெற்றிடம். அது தானாகச் சீக்கிரம் வெந்துவிடும். சூடேற நேரமெடுப்பது நாம் உள்ளே திணித்த உருளைக்கிழங்கு மசாலா. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த மசாலாவை அப்படியே அடைத்தால், அது சூடாவதற்குள் மிளகாய் தொய்ந்து சரிந்துவிடும். மசாலா முழுதாக வெந்ததாகவும் சூடாகவும் இருக்கட்டும். பச்சை அரிசியை அடைக்கும் ஆசை வேண்டாம். அரிசி வேக அது கேட்கும் தண்ணீர் அந்தக் கூட்டுக்குள் கிடைக்காது. துருக்கியில் தோல்மா என்ற பெயரில் அரிசி அடைத்து அடுப்பில் வைக்கிறார்கள் என்றால், மிளகாயைச் சுற்றித் தண்ணீரும் ஊற்றி, மூடி, நெடுநேரம் வேகவிடுகிறார்கள்.

குடைமிளகாய்க்கு ஓவன் நன்றாகப் பொருந்தும். ஓவனை 180 டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ளுங்கள். வெளியே எண்ணெய் தடவி, மிளகாய்களை ஒன்றையொன்று தாங்கும்படி நெருக்கமாகப் பாத்திரத்தில் நிறுத்தி, அடியில் மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் விட்டு, அலுமினியத் தாளால் இறுக மூடினால் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னும் பத்து, பதினைந்து நிமிடம், மேலே லேசாகச் சிவக்கும்வரை. சீஸ் தூவுவதானால் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். வாணலியில் செய்வதானால் நிறுத்திவைத்து, அதே போலத் தண்ணீர் தெளித்து மூடி, சிறுதீயில் பதினைந்திலிருந்து இருபது நிமிடம்.

அவசரத்துக்கு 220-இல் வைத்தால் பாதி நேரத்தில் முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. ஓவனின் காற்று எத்தனை டிகிரியில் இருந்தாலும், காய்க்குள் நீர் இருக்கிறவரை உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் சூடு மேல்தோலைக் கறுக்கத்தான் உதவும்.

கத்தரிக்காயையும் ஓவனில் செய்யலாம். எண்ணெயைத் தாராளமாகத் தடவவேண்டும், இல்லாவிட்டால் தோல் தோலாகவே காய்ந்துபோகும். 190 டிகிரியில் மூடி இருபத்தைந்து நிமிடம், திறந்து பதினைந்து. இந்த எண்களை அப்படியே நம்பவும் வேண்டாம். வீட்டுச் சிறு ஓவன்களில் திருகில் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பல சமயம் வேறு. மேற்கம்பிகள் நெருக்கமாக இருப்பதால் உயரமான குடைமிளகாயின் தலை முதலில் கறுகும். தட்டை ஒரு படி கீழே இறக்கி, மேற்கம்பியை அணைத்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.