31 ரூபாய் எப்படி 40 ஆகிறது?

பெரிய முகூர்த்த நாளுக்கு மறுநாள் காலையில் மதுரை ஹோட்டல் ஒன்றின் லாண்டரிக்குள் நுழைந்தால், விருந்தில் என்ன பரிமாறினார்கள், யார் தலைக்கு என்ன தடவினார்கள் என்பதைத் துணியைப் பார்த்தே சொல்லிவிடலாம். விரிப்பில் சாம்பார், டவலில் குங்குமமும் தலைச்சாயமும், தலையணை உறையில் தேங்காய் எண்ணெயும் மல்லிகைப்பூக் கறையும். அடுத்த விருந்தினர் மதியம் வந்துவிடுவார். அதற்குள் எல்லாக் கட்டிலிலும் வெள்ளை விரிப்பு ஏறியாக வேண்டும்.

இந்த ஓட்டத்துக்கு அடிப்படை, ஹோட்டலில் எத்தனை ‘பார்’ துணி இருக்கிறது என்பதுதான். 60 அறை கொண்ட ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். ஓர் அறைக்கு 2 விரிப்பு, 4 தலையணை உறை, 2 குளியல் டவல், 2 கை டவல், குளியலறை வாசலில் போட ஒரு மிதி டவல். எல்லா அறைகளையும் ஒருமுறை முழுதாக விரிக்க 120 விரிப்பு வேண்டும். இந்த ஒரு முழுச் சுற்றுதான் ஒரு பார். சொந்த லாண்டரி உள்ள ஹோட்டலுக்குக் குறைந்தது 3 பார் தேவை: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். ஆகவே 360 விரிப்பு. வெளியே சலவைக்குக் கொடுப்பவர்களுக்கு வண்டி போய்வரும் நேரமும் சேர்வதால் 4 பாராவது வேண்டும்.

அலமாரியில் கிடக்கும் மூன்றாவது சுற்றைச் சும்மா முடங்கிய பணம் என்று நினைக்கும் முதலாளிகள் உண்டு. அது தவறான கணக்கு. சூட்டோடு இஸ்திரியில் இருந்து வந்த பருத்தி, காற்றில் உள்ள ஈரப்பதத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள ஒரு நாளாவது வேண்டும். அந்த ஓய்வு கிடைக்காமல் காலையில் துவைத்தது மாலையில் கட்டிலுக்குப் போனால் நூல் சீக்கிரம் நைந்துவிடும்.

ஏட்டில் 3 பார் இருக்கும். கையில் 2 கூட இருக்காது. கிழிந்தது, காணாமல் போனது ஒருபுறம். அவசரத்துக்குத் தலையணை உறையை எடுத்துத் தரை துடைப்பது இன்னொரு புறம். பற்றாக்குறையைக் கண்டுபிடிக்க ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. ரூம் பாய்கள் தங்கள் மாடிக்கென்று நாலு விரிப்பை ஒளித்து வைக்கத் தொடங்கிவிட்டார்களா என்று பார்த்தால் போதும். “அண்ணே, இப்ப கொடுத்துட்டா சாயங்காலம் எனக்கு எங்க கிடைக்கும்?” என்ற பதில் வந்தால் பார் குறைந்துவிட்டது என்று பொருள். அதனால்தான் மாதம் ஒருமுறை எண்ணும்போது அறை, மாடி அலமாரி, லாண்டரி, ஸ்டோர் நான்கையும் ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக எண்ணினால், இங்கே எண்ணிய விரிப்பே அங்கேயும் போய் நின்று கணக்கில் ஏறிவிடும்.

துணி குறைவாக இருக்கும் இடத்தில் கறைக்குப் பொறுமை இருக்காது. தரம் பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே மெஷினில் திணித்து, வெந்நீரும் ப்ளீச்சும் விடுவார்கள். அங்கேதான் கெடுதல் ஆரம்பிக்கிறது. ரத்தக் கறையில் இருப்பது புரதம். வெந்நீர் பட்டால் அது நூலோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் லேசில் போகாது. முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, மிச்சத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தொட்டு வைத்தால் பெரும்பாலும் போய்விடும். எண்ணெய்க்கு நேர் எதிர்: சூடும் காரமான சோப்பும் இல்லாமல் அது இளகாது. ரத்தம் பட்ட விரிப்பையும் எண்ணெய் ஏறிய உறையையும் ஒரே சுற்றில் போட்டால் ஒன்று கட்டாயம் கெடும்.

மஞ்சள் கறை புதிதாக வேலைக்கு வந்தவர்களைப் பயமுறுத்தும். சோப்பு பட்டதும் அது ரத்தச் சிவப்பாக மாறும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், அவ்வளவுதான், துணி கெட்டுவிடவில்லை. துவைத்த பிறகும் லேசாக மிஞ்சும் மஞ்சளை வெயில் வெளுக்கும். நம் ஊரில் மொட்டை மாடிக் கொடி இதற்கு நல்ல மருந்து.

துருக் கறைதான் வேறு ஜாதி. இரும்புச்சத்து உள்ள போர் தண்ணீரில் துவைக்கும் இடங்களில், பழைய டிராலியில் துணி உரசும் இடங்களில் பழுப்புப் புள்ளிகள் விழும். அதற்குக் குளோரின் ப்ளீச் ஊற்றுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான். துரு இன்னும் அழுத்தமாகப் பதியும். ஆக்சாலிக் அமிலக் கரைசல் தொட்டு, சில நிமிடத்தில் நன்றாக அலச வேண்டும். அந்த அமிலம் விஷம் என்பதால் கையுறை அவசியம்.

கறையே இல்லாத விரிப்பு இஸ்திரியில் மஞ்சளித்தால், அலசல் போதவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ஈரத் துணியில் ஒரு சொட்டு பினாப்தலீன் விட்டால் தெரிந்துவிடும். இளஞ்சிவப்பு வந்தால் சோப்பின் காரம் இன்னும் உள்ளே இருக்கிறது.

இப்போது பணத்துக்கு வருவோம். நம் ஹோட்டலில் ஓர் அறைத் துணி சுமார் 3.8 கிலோ. தினம் 45 அறை நிரம்பினால் 171 கிலோ. உணவகத் துணி, சீருடையோடு 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மாதம் 6,000 கிலோ. உதாரணத்துக்கு நான்கு பேர் சம்பளம் 72,000 ரூபாய், மின்சாரமும் காஸும் 54,000, சோப்பும் ரசாயனமும் 30,000, தண்ணீர் 12,000, மெஷின் தேய்மானமும் பழுதும் 18,000. மொத்தம் 1,86,000 ரூபாய். கிலோவுக்கு 31 ரூபாய். பல ஹோட்டல்களில் கணக்கு இங்கேயே நின்றுவிடும்.

துணி தேய்வது இதில் இல்லை. 600 ரூபாய்க்கு வாங்கிய விரிப்பு 150 சலவை தாங்கினால், ஒவ்வொரு சலவையிலும் 4 ரூபாய் கரைகிறது. அதன் எடை 800 கிராம் என்றால் கிலோவுக்கு 5 ரூபாய். டவலும் ஏறக்குறைய இதே கணக்கில் வரும். மாதம் 30,000 ரூபாய் சேர, மொத்தம் 2,16,000.

அடுத்தது மறுசலவை. கறை போகாமல் இரண்டாம் முறை உள்ளே போன துணியும் தராசில் ஏறி 6,000 கிலோவில் கலந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு அப்படித் திரும்பினால், உண்மையில் சுத்தமாகி வெளியே போனது 5,400 கிலோதான். 2,16,000ஐ 5,400ஆல் வகுத்தால் 40 ரூபாய். தரம் பிரிக்காமல் திணித்த அந்தக் காலைவேளையின் விலை இதில் ஒளிந்திருக்கிறது.

வெளிச் சலவைக்காரர் 34 ரூபாய் கேட்டால், 31-ஐ வைத்துக்கொண்டு ‘அதிகம்’ என்று மறுப்பதும் பிழை, 40-ஐ வைத்துக்கொண்டு உடனே கொடுத்துவிடுவதும் பிழை. அவரிடம் போனாலும் துணி நம்முடையதுதான், தேய்மானமும் நம்முடையதுதான். ப்ளீச்சை அள்ளிவிட்டு அதே விரிப்பை 100 சலவையில் முடித்துவிட்டால் கிலோவுக்கு 5 ரூபாயாக இருந்தது ஏழரை ஆகும். மடிப்பு ஓரத்தில் விரிப்பு இழுக்க இழுக்கக் கிழிகிறதா என்று பார்த்தால் தெரியும்.

சீசன் இல்லாத மாதம் துணி 3,000 கிலோவாகக் குறைந்தாலும் சம்பளமும் மெஷின் செலவும் குறையாது. அந்த 90,000 ரூபாய் பாதித் துணி மேல் விழும்போது, 31 ரூபாய் என்று சொன்ன கணக்கே 46 ஆகிவிடும். ஒரே மாதக் கணக்கை வைத்து லாண்டரியை மூடவோ விரிக்கவோ முடிவெடுக்கக் கூடாது. 12 மாதத்தையும் அடுக்கிப் பார்க்க வேண்டும்.

ஹோட்டலில் தங்குபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விரிப்பில் ரத்தமோ குழம்போ பட்டுவிட்டால் சுருட்டி மறைத்து வைக்காதீர்கள், வெந்நீரில் நீங்களே கசக்கவும் வேண்டாம். ரூம் பாயிடம் என்ன பட்டது என்று சொல்லிவிடுங்கள். காய்வதற்குள் லாண்டரிக்குப் போகும் கறையில் பெரும்பகுதி ஒரே சலவையில் போய்விடும்.